அடிக்கடி கரண்ட் போகிற வீட்டுக்கு எந்த இன்வெர்ட்டர், எந்த பேட்டரி?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கரண்ட் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். மொத்தம் ஏழு மணி நேரம் வரும். சில நாள் இரவில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் போய்விடும். சாயங்காலம் கரண்ட் இருந்தாலும் லோ வோல்டேஜ். வீட்டில் மூன்று ஃபேன், ஆறு எல்.இ.டி. பல்பு, டி.வி., வைஃபை. முடிந்தால் ஃபிரிட்ஜும் ஓட வேண்டும். ஒரு கடையில் 150 ஏ.எச். போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 200 வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேட்டரி போடுங்கள் என்கிறார்கள். மூன்றாவது கடையில் லித்தியம்தான் நல்லது என்கிறார்கள். பக்கத்து வீட்டில் போட்ட 200 ஏ.எச். இரண்டே வருஷத்தில் படுத்துவிட்டது, அதைப் பார்க்க ஆள் வரவே பத்து நாள் ஆயிற்று. எதை வாங்குவது, எந்தக் கடையை நம்புவது?

பதில்:

மூன்று கடைக்காரர்களும் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்கு உங்கள் வீட்டில் நேரம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. என்றைக்கோ ஒருநாள் கரண்ட் போகிற வீட்டுக்கு முதல் கேள்வி போதும். தினம் ஆறு தடவை போகிற வீட்டில் பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவது கேள்விதான். பக்கத்து வீட்டு 200 ஏ.எச். படுத்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் இரண்டு ஃபேன், மூன்று பல்பு, வைஃபை, அவ்வப்போது டி.வி. என்று சராசரியாக 220 வாட் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரத்துக்கு 1,540 வாட் ஹவர். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடாக்கி வீணடிக்கும், நூற்றுக்கு 82 பங்குதான் வெளியே வரும் என்று எடுத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து போவது சுமார் 1,880 வாட் ஹவர். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 156 ஆம்பியர் ஹவர், அதாவது ஏ.எச். ஒரே மூச்சில் போவதில்லை, நாள் முழுக்கத் துண்டு துண்டாகப் போகிறது. ஆனால் அத்தனையும் அன்றைக்கே திரும்பி வர வேண்டும்.

ஈயத் தகடும் ஆசிடும் உள்ள லெட் ஆசிட் பேட்டரியில் எடுத்த அளவைப் போல் 1.2 மடங்கு திருப்பிக் கொடுத்தால்தான் அது நிறையும். 156க்கு 188 ஏ.எச். கொடுக்க வேண்டும். வீட்டு உபயோக இன்வெர்ட்டர் பல 15 ஆம்பியர் வரைதான் சார்ஜ் கொடுக்கும். 188ஐ 15ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். உங்களுக்குக் கரண்ட் இருப்பது பதினேழு மணி நேரம், அதனால் சரியாகிவிடும் போலத்தான் தோன்றும். ஆனால் இந்த பேட்டரி 80 சதவீதம் வரைதான் 15 ஆம்பியரை முழுசாக வாங்கும். அதற்கு மேல் வோல்டேஜ் 14.4ஐத் தொட்டுவிடும், ஆம்பியர் 10, 6, 3 என்று இறங்கிக்கொண்டே வரும். கடைசி 20 சதவீதம் ஏறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். உங்களுக்கு இரண்டு கரண்ட் கட்டுக்கு நடுவில் கிடைப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. சாயங்கால லோ வோல்டேஜில் அந்த 15 ஆம்பியரே 7, 8 என்று குறைந்துபோகலாம், பல மாடல்களில் அப்படித்தான். ஆக, கடைசி 20 சதவீதம் வாரக்கணக்கில் ஏறாமலே கிடக்கும்.

அப்படி அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியில், தகட்டின் மேல் படிந்த லெட் சல்ஃபேட் சார்ஜில் கரையாமல் கெட்டிப்பட்டுவிடுகிறது. கெட்டியான இடம் மறுபடி வேலை செய்யாது. முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருஷம் மூன்று மணி நேரம் ஓடியது ஒன்றரை மணி நேரமாகும். அப்புறம் கரண்ட் போன இருபதாவது நிமிஷம் இன்வெர்ட்டர் கூவும்.

இதற்கு 200 ஏ.எச். போடுவது மருந்தா என்றால், இன்வெர்ட்டரின் சார்ஜ் கரண்ட் அதே 15 ஆம்பியராக இருக்கும் வரை இல்லை. தொட்டியைப் பெரிதாக்கிவிட்டு அதே சின்னக் குழாயில் தண்ணீர் பிடிப்பதுதான் அது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வழக்கமாகப் போடுகிற லெட் ஆசிட் வகையான டியூபுலர் பேட்டரிக்கு அதன் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு சார்ஜ் கரண்ட் வேண்டும். 150க்கு 15, 200க்கு 20. 200 ஏ.எச். சொன்ன கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இந்த இன்வெர்ட்டர் அதிகபட்சம் எத்தனை ஆம்பியரில் சார்ஜ் பண்ணும்?” பதில் இன்வெர்ட்டரோடு வரும் கையேட்டில் இருக்கிறது. “அதெல்லாம் தானாகவே பார்த்துக்கொள்ளும்” என்று பதில் வந்தால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம்.

குழாயைப் பெரிதாக்குவதைவிடச் செலவைக் குறைப்பது எளிது. உங்கள் வீட்டில் பேட்டரியைத் தின்பது ஃபேன்தான். மூன்று ஃபேனையும், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒவ்வொன்றும் 30 வாட்டில் முடிந்துவிடும். அப்போது இரண்டு ஃபேன் 60, மூன்று பல்பு 30, வைஃபை 10, மொத்தம் 100 வாட். ஏழு மணி நேரத்துக்கு 700 வாட் ஹவர், பேட்டரியிலிருந்து போவது சுமார் 71 ஏ.எச்., திருப்பிக் கொடுக்க வேண்டியது 85. முழு வேகத்தில் ஆறு மணி நேரம், கடைசிப் பகுதிக்கு இன்னொரு நான்கைந்து மணி நேரம். பதினேழுக்குள் தாராளமாக அடங்குகிறது, டி.வி. கொஞ்ச நேரம் ஓடினாலும் அடங்கும். இரவு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் போனாலும் போவது சுமார் 30 ஏ.எச்.தான். 150 ஏ.எச். பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு.

அதனால் முதல் செலவு ஃபேனுக்கு, அடுத்தது பேட்டரிக்கு. பேட்டரிக் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவர் ஃபேன் விற்பதில்லை.

ஃபிரிட்ஜை இதில் சேர்க்காதீர்கள். ஓடும்போது 100, 150 வாட் என்றுதான் இருக்கும், ஆனால் கம்ப்ரசர் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி நின்றுவிடும். அதைத் தாங்குகிற பெரிய இன்வெர்ட்டர் வாங்கினாலும், இத்தனை பாடுபட்டுச் சேமித்த ஏ.எச்.ஐ ஃபிரிட்ஜ் தின்றுவிடும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும், உங்கள் மிக நீண்ட கட்டே மூன்று மணி நேரம்தான். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மோட்டார் எதுவும் இந்த லைனில் வரக்கூடாது.

ஆக உங்கள் வீட்டுக்கு 900 வி.ஏ., 12 வோல்ட், ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏ.எச். உயரமான டியூபுலர் பேட்டரி ஒன்று போதும். 900 வி.ஏ. என்றால் 900 வாட் இல்லை, சுமார் 700 வாட். மூன்று பி.எல்.டி.சி. ஃபேன், ஆறு பல்பு, டி.வி., வைஃபை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 250 வாட்டைத் தாண்டாது. அதனால் இன்வெர்ட்டரின் வி.ஏ. அளவைக் கூட்டுவதற்குக் காசு கொடுக்க வேண்டாம். சார்ஜ் கரண்டை 15, 20 என்று மாற்றி வைக்கிற வசதி, லோ வோல்டேஜிலும் முழு ஆம்பியர் கொடுக்கிற வசதி, இந்த இரண்டுக்கும் கொடுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்கும். அதில் சாதாரண ஃபேன் உறுமும், சூடாகும், வாங்கிய வாட்டில் ஒரு பங்கு அந்தச் சூட்டுக்கே போகும்.

பேட்டரியில் ஏ.எச். பக்கத்தில் சி20 அல்லது சி10 என்று போட்டிருப்பதையும் பாருங்கள். சி20 என்றால் இருபது மணி நேரத்தில் மெதுவாக இழுத்தபோது கிடைத்த அளவு. சி10 என்றால் பத்து மணி நேரத்தில். வேகமாக இழுத்தால் கிடைப்பது குறையும். அதனால் சி10இல் 150 என்கிற பேட்டரி, சி20இல் 150 என்பதைவிடக் கொஞ்சம் பெரியது. இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் மலிவு எது என்று தெரியாது. அப்புறம் தயாரித்த மாதம். ஊற்றிய ஆசிடோடு கடையில் ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியில் மேலே சொன்ன சல்ஃபேட் வேலை வாங்குவதற்கு முன்னாலேயே தொடங்கியிருக்கும். தேதியைக் குறியீடாக அச்சடித்திருப்பார்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

லித்தியம் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் மாதிரி வீட்டுக்கு அது குணத்தில் பொருத்தமானதுதான். இந்த வேலைக்கு வருவது எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் வகை. அது பாதி சார்ஜில் கிடந்தால் கெடாது, கடைசி வரை வேகமாக ஏறும், எடுத்ததைவிடச் சில சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாலே போதும். ஒரு மணி நேரக் கட்டில் 220 வாட் ஓடினால் போவது சுமார் 20 ஏ.எச். 30 ஆம்பியர் சார்ஜரில் முக்கால் மணி நேரத்தில் அது திரும்பிவிடும். டியூபுலரில் அதே வேலைக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரமும், அதற்கு மேல் கடைசிப் பகுதி இழுக்கிற நேரமும் ஆகும். ஆனால் இந்த லாபம் கிடைக்க வேண்டுமானால் 30 ஆம்பியர் கொடுக்கிற, லித்தியத்துக்கான செட்டிங் உள்ள இன்வெர்ட்டர் வேண்டும். பழைய 15 ஆம்பியர் இன்வெர்ட்டரில் லித்தியத்தை மாட்டிவிட்டுப் போகிற கடைக்காரர் உங்கள் பணத்தில் பாதியை வீணாக்குகிறார்.

சர்வீஸ் கதையும் வேறு. டியூபுலரில் ஒரு செல் கெட்டால் உள்ளூர் மெக்கானிக் ஆசிடின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். லித்தியம் பெட்டிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் போர்டு இருக்கிறது. அது வெளியீட்டை நிறுத்திவிட்டால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் இல்லை, பெட்டியோடு கம்பெனிக்குப் போக வேண்டும். போய் வருகிற வரை வீடு இருட்டு. கட்டு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது, ஃபேனை மாற்ற முடியாது, மாற்று பெட்டி தருவதாகக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் லித்தியம் எடுங்கள். இல்லையென்றால் மாற்றிய ஃபேனோடு டியூபுலரே போதும்.

இரண்டு பேட்டரி யோசனை பற்றி ஒரு வார்த்தை. பிற்காலத்தில் தேவை கூடினால் 24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டையும் சீரியலாகப் போடுவது சரி. அப்போது அதே 15 ஆம்பியர் இரண்டு பேட்டரிக்குள்ளும் போகிறது. 12 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டைப் பேரலலாகக் கட்டினால் அந்த 15 இரண்டாகப் பிரிந்துபோகும். பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துக் கட்டச் சம்மதிக்கிற மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழையது புதியதையும் சீக்கிரமே தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

இனி கடை விஷயம். வாரண்டி எத்தனை மாதம் என்பதில் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்காது, அது கம்பெனி கொடுப்பது. வித்தியாசம் இருப்பது, மூன்றாவது வருஷம் நீங்கள் போன் செய்தால் யார் வருகிறார், கையில் எதைக் கொண்டுவருகிறார் என்பதில். வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் சோதிக்க முடியும். நீங்கள் வாங்க நினைக்கிற கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு ஒருதடவை அழைத்து, உங்கள் பகுதிக்கு ஆள் எங்கிருந்து வருவார், புகார் பதிந்தால் எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். அதே கேள்வியைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நல்லது. கடைக்காரர் “எங்கள் ஆள் மறுநாளே வருவார்” என்று சொல்லி, கம்பெனி பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த “எங்கள் ஆள்” யார், அவர் பார்த்தால் வாரண்டி செல்லுமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடைக்குள் இருக்கிற பேட்டரிகளைப் பாருங்கள். சர்வீஸ் செய்கிற கடையில் ஒரு மூலையில் சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும், வாடிக்கையாளர் பேட்டரி ஒன்றிரண்டு பெயர் எழுதி ஒட்டிக் கிடக்கும், ஹைட்ரோமீட்டர் ஈரத்தோடு இருக்கும். டி.சி. ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏ.சி. மட்டும் அளக்கிற கிளாம்ப் மீட்டர் பேட்டரி ஒயரில் ஒன்றும் காட்டாது. இந்த ஒரு கருவி இல்லாதவரால் உங்கள் வீட்டில் சார்ஜ் 15 ஆம்பியர் ஏறுகிறதா, 6 ஏறுகிறதா என்று சொல்லவே முடியாது. அப்புறம் எல்லாப் பழுதுக்கும் பேட்டரி மேல்தான் பழி விழும்.

பேட்டரி வாரண்டிக்குப் போனால் கம்பெனி முதலில் அதை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, லோடு கொடுத்து இறக்கிப் பார்க்கும். அதற்குச் சில நாள் ஆகும். பல நேரம் “பழுது இல்லை, சார்ஜ் இல்லாமல் இருந்தது” என்று திரும்பி வரும். அந்த நாட்களுக்கு மாற்று பேட்டரி தருவார்களா என்று இப்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டியில் முதல் பகுதிதான் இலவச மாற்று, பின் பகுதியில் கழித்த மாதங்களுக்கு ஏற்பத் தள்ளுபடி மட்டும் கிடைக்கும். 60 மாதம் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதில் எத்தனை மாதம் இலவசம் என்று பிரித்துக் கேளுங்கள். மாற்றிக் கொடுக்கிற பேட்டரிக்கு வாரண்டி பொதுவாகப் பழைய தேதியிலிருந்தே ஓடும்.

மாட்ட வருகிற அன்றைக்கே மெக்கானிக்கின் தரம் தெரிந்துவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கத்திலோ மெனுவிலோ பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கிற ஸ்விட்ச் இருக்கும். அதை டியூபுலரில் வைத்து, சார்ஜ் கரண்டை 15இல் வைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பலர் பெட்டியிலிருந்து வந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இன்னொரு ஸ்விட்ச் யூ.பி.எஸ். மோடா, சாதாரண மோடா என்பது. லோ வோல்டேஜ் உள்ள உங்கள் வீட்டில் இது முக்கியம். யூ.பி.எஸ். மோடில் கரண்ட் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே பல இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்கு மாறிவிடும். தெருவில் விளக்கு எரியும், உங்கள் பேட்டரியும் இறங்கிக்கொண்டிருக்கும். சாதாரண மோடில் இன்னும் கீழே வரை கரண்டையே எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்குச் சாதாரண மோடே சரி. கரண்ட் போகும்போது வைஃபை ஒரு நொடி அணைந்து எழுந்தால், அதற்கு மட்டும் தனியாகச் சின்ன பவர் பேக் போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி ஒயர் கம்பெனி கொடுத்த தடிமனில், கொடுத்த நீளத்திலேயே இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 700 வாட் இழுத்தால் ஒயரில் 70 ஆம்பியர் போகும். இடம் எட்டவில்லை என்று வீட்டு ஒயரை முறுக்கி நீட்டுகிற மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள். இணைப்பு சூடாகும், இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்து முன்னாலேயே நின்றுவிடும். பேட்டரி காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். சார்ஜின் கடைசியில் ஹைட்ரஜன் வெளிவரும், அதனால் பக்கத்தில் நெருப்பும் கேஸ் சிலிண்டரும் கூடாது.

மாட்டி 24 மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு ஒரு சோதனை செய்துவிடுங்கள். மூடிகளைத் திறந்து ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் வைக்கச் சொல்லி, ஆறு எண்ணையும் வாரண்டி கார்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகை பேட்டரியில் 1.240 அக்கம்பக்கம் இருக்கும். ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 குறைவாக இருந்தால் அந்த பேட்டரியை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். பிறகு மெயினை அணைத்து 200 வாட் அளவுக்கு லோடு போட்டு மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். முடிவில், லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேட்டரி முனையில் 11.8 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. மெயினைப் போட்டு இருபது நிமிஷம் கழித்து பேட்டரி ஒயரில் கிளாம்ப் மீட்டர் காட்டுவது 15க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வருஷம் தகராறு வந்தால் இந்த எண்கள்தான் உங்கள் பக்கம் பேசும்.

ஓட ஆரம்பித்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஆறு எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க கரண்ட் இருந்த மறுநாள் காலையிலும் எல்லாச் செல்லும் 1.180, 1.200 என்றே நின்றால் சார்ஜ் போதவில்லை. இன்னொரு அடையாளம் தண்ணீர். “எங்கள் பேட்டரி ஒரு வருஷமாகத் தண்ணீரே கேட்கவில்லை” என்று பெருமையாகச் சொல்வார்கள். கட்டு அதிகமுள்ள வீட்டில் சாதாரண டியூபுலர் தண்ணீரே குடிக்கவில்லை என்றால் அது முழு சார்ஜை எட்டவே இல்லை என்று சந்தேகப்பட வேண்டும், முழு சார்ஜுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் வாயுவாகப் பிரிகிறது. தண்ணீர் குறைந்த பேட்டரியில் மிதவையின் பச்சைக் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குழாய்த் தண்ணீர் பட்டால் வாரண்டியும் போகும், தகடும் போகும். “பவர் ஏற” ஆசிட் ஊற்றுகிறேன் என்கிற மெக்கானிக் ஹைட்ரோமீட்டரில் எண்ணை உயர்த்திக் காட்டுவார், பேட்டரிக்கு ஒன்றும் ஏறியிருக்காது, தகடுதான் அரிக்கும்.

சார்ஜ் போதவில்லை என்று தெரிந்தால் மாதம் ஒருநாள் இன்வெர்ட்டரின் முன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான மாடல்களில் அப்போதும் சார்ஜ் ஏறும், கட்டு நேரத்தில் பேட்டரி மட்டும் இறங்காது. அன்றைக்கு ஒருநாள் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் 16, 17 மணி நேர சார்ஜ் கிடைத்து, இன்னும் கெட்டிப்படாத சல்ஃபேட் கரையும். ஒருநாளில் எண் ஏறாவிட்டால் மறுநாளும் தொடருங்கள். அப்போதும் ஆறு செல்லும் ஏறாமலே நின்றால் கிளாம்ப் மீட்டரோடு ஆளைக் கூப்பிடுங்கள். ஒயரில் 15 வருகிறது, எண் ஏறவில்லை என்றால் கோளாறு பேட்டரியில். வருவதே 6, 7தான் என்றால் கோளாறு இன்வெர்ட்டரிலோ வீட்டுக்கு வருகிற வோல்டேஜிலோ. மீட்டரே வைக்காமல் “பேட்டரி போச்சு, எக்ஸ்சேஞ்சில் புதுசு போட்டுவிடலாம்” என்கிறவரிடம் பழைய பேட்டரியைக் கொடுக்காதீர்கள்.